அத்தை கேட்ட மூன்று வரங்கள்... இரண்டுதான் கிடைக்கும்!

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு. ரசத்துக்கு வரும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"ஏண்டி, நீ பத்திரிகையிலதானே இருக்க? இந்தப் பவுண்டு விலையை ஒரு இடத்துல நிறுத்தி வைக்க கவர்ன்மென்ட்டால முடியாதா? அவனுக்கு ஃபீஸ் கட்டறதுக்குள்ள எனக்கு பி.பி. ஏறுது."

அத்தையின் மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறான். ஆண்டுக்கு 16,000 பவுண்டு ஃபீஸ். பவுண்டு ஒரே ஒரு ரூபாய் ஏறினாலும் அத்தைக்கு 16,000 ரூபாய் கூடுதல் செலவு. இரண்டாவது குறை, வீட்டுக் கடன். "ரிசர்வ் பேங்க் வட்டியைக் குறைச்சா இ.எம்.ஐ. குறையும்ல?" மூன்றாவது குறை, பணம் அனுப்பும்போது பேங்கில் கேட்கும் ஃபாரம்கள். "என் காசை என் புள்ளைக்கு அனுப்ப எதுக்கு இத்தனை கையெழுத்து?"

மூன்றுமே நியாயமான ஆசைகள்தான். ஆனால் இந்த மூன்றையும் எந்த அரசாங்கத்தாலும் ஒரே நேரத்தில் முழுசாகக் கொடுக்க முடியாது. எந்த இரண்டை வேண்டுமானாலும் கேளுங்கள், கிடைக்கும். மூன்றாவதை விட்டுத்தான் ஆகவேண்டும்.

பொருளாதாரத்தில் இதற்கு 'இம்பாசிபிள் டிரினிட்டி' என்று பெயர். சேர்ந்து நிற்க முடியாத மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். கனடாவைச் சேர்ந்த ராபர்ட் மண்டெல், பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் ஃப்ளெமிங் இருவரும் 1960-களின் தொடக்கத்தில் தனித்தனியாகச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கருத்து இது. மண்டெலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மூன்று என்னென்ன?

ஒன்று, நிலையான மாற்று விகிதம். நம் கரன்சிக்கு எதிராக வெளிநாட்டுக் கரன்சியின் விலை ஏறாமல் இறங்காமல் நிற்பது.

இரண்டு, தடையில்லாத பணப் போக்குவரத்து. யார் வேண்டுமானாலும் எவ்வளவு பணத்தை வேண்டுமானாலும் நாட்டுக்குள் கொண்டு வரலாம், வெளியே கொண்டு போகலாம்.

மூன்று, சொந்த வட்டி விகிதம். நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தால் வட்டியைக் குறைப்பதும், விலைவாசி ஏறினால் வட்டியைக் கூட்டுவதும் நம் மத்திய வங்கியின் கையில் இருப்பது.

மூன்றும் ஏன் சேராது? மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்து, ஒரே நாளில் கைவிட்ட ஒரு நாட்டைப் பார்த்தால் எளிதாகப் புரியும். அத்தை மகன் படிக்கும் அதே பிரிட்டன்தான். அந்த நாள் 1992 செப்டம்பர் 16, புதன்கிழமை. 'கறுப்புப் புதன்' என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

பிரிட்டன் எப்படிச் சிக்கியது?

பிரிட்டனில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு இருந்த கட்டுப்பாடுகளை 1979-லேயே எடுத்துவிட்டார்கள். அதாவது, மூன்றில் இரண்டாவது ஏற்கெனவே கையில் இருந்தது.

1990-ல் அங்கே விலைவாசி ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஜெர்மனி, விலைவாசியைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் பேர் போனது. அதன் கரன்சியோடு நம் பவுண்டைக் கட்டிவிட்டால் நமக்கும் அந்த ஒழுக்கம் வரும் என்று பிரிட்டன் நினைத்தது. 1990 அக்டோபரில், ஐரோப்பிய நாடுகளின் மாற்று விகித ஏற்பாட்டில் சேர்ந்தது. ஒரு பவுண்டுக்கு 2.95 ஜெர்மன் மார்க் என்று முடிவானது. அதிலிருந்து மேலேயோ கீழேயோ 6 சதவிகிதம் வரை நகரலாம். கீழ் எல்லை சுமார் 2.78 மார்க். அதற்குக் கீழே பவுண்டை விழ விடக்கூடாது. இப்போது முதலாவதும் கையில் வந்துவிட்டது.

இனி மூன்றாவதை விட்டிருக்க வேண்டும். கொஞ்ச காலம் அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. சேரும்போது 14 சதவிகிதமாக இருந்த பிரிட்டன் வட்டி, 1992 மே மாதத்துக்குள் 10 சதவிகிதத்துக்கு இறங்கியது.

ஆனால் ஜெர்மனியில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் 1990-ல் இணைந்தன. கிழக்கைத் தூக்கி நிறுத்த அரசு ஏராளமாகச் செலவு செய்தது. விலைவாசி ஏறிவிடுமோ என்ற பயத்தில் அந்நாட்டு மத்திய வங்கியான புண்டெஸ்பேங்க் வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. ஜெர்மனிக்கு அதுதான் சரியான மருந்து.

பிரிட்டனுக்கோ நோயே வேறு. அங்கே தொழில்கள் படுத்துக் கிடந்தன. 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தார்கள். வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை வட்டி மாறும் கடன்கள். வட்டி ஏறினால் குடும்பங்களின் மாதத் தவணை உடனே ஏறிவிடும். பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது வட்டிக் குறைப்பு.

குறைத்தால் என்ன ஆகும்?

நீங்கள் அன்று லண்டனில் பணம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் வட்டி 9.5 சதவிகிதம். பிரிட்டனில் 7 சதவிகிதம் என்று குறைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பவுண்டுக்கும் மார்க்குக்கும் விலை மாறாது என்று அரசே உத்தரவாதம் தருகிறது. பணத்தை எடுத்துப்போகத் தடையும் இல்லை. நீங்கள் எங்கே போடுவீர்கள்?

எல்லோரும் அதையேதான் செய்வார்கள். பவுண்டை விற்று மார்க்கை வாங்குவார்கள். எல்லோரும் விற்றால் பவுண்டு விலை விழும். விழாமல் இருக்க வேண்டுமானால் பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து, விற்க வருகிற பவுண்டை எல்லாம் தானே வாங்க வேண்டும். எதைக் கொடுத்து வாங்கும்? மார்க்கைக் கொடுத்து. அங்கேதான் சிக்கல். பவுண்டை அதனால் அச்சடிக்க முடியும், மார்க்கை முடியாது. கையிருப்பில் இருக்கிற வரைதான் கொடுக்க முடியும்.

கையிருப்பு கரையும்போது மூன்று வழிகள்தான் மிஞ்சும். வட்டியை ஜெர்மனி அளவுக்கு ஏற்றலாம், அப்போது சொந்த வட்டி போச்சு. பணம் வெளியே போகத் தடை போடலாம், அப்போது தடையில்லாப் போக்குவரத்து போச்சு. பவுண்டை விழ விடலாம், அப்போது நிலையான விகிதம் போச்சு. இதுதான் மண்டெல், ஃப்ளெமிங் சொன்ன விஷயத்தின் சாரம்.

பிரிட்டன் வட்டியை 10-க்குக் கீழே குறைக்கவில்லை. ஆனால் சந்தை வேறொரு கணக்குப் போட்டது. 'இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கும்போது இந்த அரசாங்கம் எத்தனை நாளைக்கு இவ்வளவு வட்டியைத் தாங்கும்? ஒருநாள் விட்டுவிடும்.' இந்தச் சந்தேகம் ஒன்றே போதுமாக இருந்தது.

நஷ்டமே இல்லாத பந்தயம்

சந்தேகப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? சின்னக் கணக்காகப் பார்ப்போம்.

100 பவுண்டு கடன் வாங்குகிறீர்கள். அதை 2.78 விகிதத்தில் விற்று 278 மார்க் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். பவுண்டு 2.50-க்கு விழுந்தால், 250 மார்க்கைக் கொடுத்தாலே 100 பவுண்டு திரும்பக் கிடைக்கும். கடனை அடைத்துவிட்டால் கையில் 28 மார்க் மிச்சம். அன்றைய விலையில் 11 பவுண்டுக்கும் மேல் லாபம்.

பவுண்டு விழாவிட்டால்? அதே விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இழப்பு, கடன் வாங்கிய சில நாட்களுக்கான வட்டி மட்டும். விழுந்தால் பெரிய லாபம், விழாவிட்டால் சில்லறை நஷ்டம். இதைவிட நல்ல பந்தயம் கிடைக்குமா? ஜார்ஜ் சோரோஸின் நிதி நிறுவனம் இந்தப் பந்தயத்தில் சுமார் 100 கோடி டாலர் சம்பாதித்தது. அவர் ஒருவர் மட்டுமல்ல, பெரிய வங்கிகளும் நிறுவனங்களும் பவுண்டை விற்றுக்கொண்டிருந்தன.

பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. பவுண்டைக் காப்பாற்ற செப்டம்பர் தொடக்கத்தில் சுமார் 725 கோடி பவுண்டு மதிப்புக்கு வெளிநாட்டுக் கரன்சி கடன் வாங்கப்போவதாக அறிவித்தது. 'பவுண்டின் விகிதத்தை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. இதற்கிடையே அதே ஏற்பாட்டில் இருந்த இத்தாலி, 13-ம் தேதி வார இறுதியில் தன் லிராவின் விலையைக் குறைத்தது. அடுத்தது யார் என்று எல்லோரும் பவுண்டைப் பார்த்தார்கள்.

அந்தப் புதன்கிழமை

செப்டம்பர் 16 காலை. சந்தை திறந்ததிலிருந்தே பேங்க் ஆஃப் இங்கிலாந்து பவுண்டுகளை வாங்கிக் குவித்தது. விற்பவர்கள் நிற்கவில்லை.

காலை 11 மணிக்கு வட்டியை 10-லிருந்து 12 சதவிகிதமாக ஏற்றினார்கள். பவுண்டு அசையவில்லை. மதியம் 2.15 மணிக்கு, அடுத்த நாளிலிருந்து வட்டி 15 சதவிகிதம் என்று அறிவித்தார்கள். அதற்கும் அசையவில்லை.

15 சதவிகித வட்டி ஏன் வேலை செய்யவில்லை? முன்பு போட்ட கணக்குக்குத் திரும்பிப் போங்கள். 15 சதவிகிதம் என்பது ஓராண்டுக்கு. 100 பவுண்டுக்கு ஒரு வாரத்துக்கு என்று பார்த்தால் 29 பென்ஸ், அதாவது கால் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதே ஒரு வாரத்தில் 11 பவுண்டு லாபம் கிடைக்கும் என்று நம்புகிறவர், கால் பவுண்டு செலவுக்கா பயப்படுவார்? ஆனால் வீட்டுக் கடன் வைத்திருந்த சாதாரணக் குடும்பத்துக்கு 15 சதவிகிதம் இடி. பயமுறுத்த வேண்டியவரை அது தொடவில்லை, காப்பாற்ற வேண்டியவரைத்தான் அடித்தது.

பந்தயக்காரரை நிஜமாகப் பயமுறுத்த எவ்வளவு வட்டி வேண்டும்? ஸ்வீடன் அதே நாளில் செய்து காட்டியது. வங்கிகளுக்குக் கொடுக்கும் ஒருநாள் கடனுக்கான வட்டியை 500 சதவிகிதமாக ஏற்றியது. ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10 சதவிகிதம் வரும். அப்போதைக்கு ஸ்வீடன் தப்பியது. ஆனால் அந்த வட்டியில் எந்த நாட்டால் தொடர்ந்து தொழில் செய்ய முடியும்? நவம்பர் 19-ம் தேதி ஸ்வீடனும் தன் கரன்சியை மிதக்க விட்டது.

பிரிட்டன் அதுவரைகூடத் தாங்கவில்லை. அன்று மாலை நிதியமைச்சர் நார்மன் லமான்ட் வாசலுக்கு வந்து, ஏற்பாட்டிலிருந்து விலகுவதாகச் சொன்னார். 15 சதவிகித வட்டி நடைமுறைக்கே வரவில்லை. அடுத்த நாள் வட்டி பழைய 10-க்குத் திரும்பியது. பவுண்டு அடுத்த சில வாரங்களில் 2.50 மார்க் பக்கம் விழுந்தது. இந்த முயற்சியில் நாட்டுக்கு ஆன நஷ்டம் சுமார் 330 கோடி பவுண்டு என்ற நிதியமைச்சகத்தின் மதிப்பீடு 2005-ல்தான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு?

பவுண்டைக் கைவிட்டதும் சொந்த வட்டி பிரிட்டனின் கைக்குத் திரும்பி வந்தது. செப்டம்பர் 22-ம் தேதியே 9 சதவிகிதம். 1993 ஜனவரிக்குள் 6 சதவிகிதம். நான்கே மாதத்தில் 10-லிருந்து 6. வீட்டுக் கடன் வைத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். விலை குறைந்த பவுண்டால் ஏற்றுமதியும் பிழைத்தது. பொருளாதாரம் மீளத் தொடங்கியது. அதனால் கறுப்புப் புதனை 'வெள்ளைப் புதன்' என்று கிண்டலாகச் சொல்பவர்களும் அங்கே உண்டு.

அப்படியானால் கரன்சியை மிதக்க விடுவதுதான் எல்லோருக்கும் சரியா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஹாங்காங்கைப் பாருங்கள். 1983-லிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். இப்போதும் 7.75-லிருந்து 7.85-க்குள்தான் நகரும். பணம் வரப் போகத் தடையும் இல்லை. அவர்கள் விட்டுக்கொடுத்தது சொந்த வட்டியை. உலகம் முழுவதும் வியாபாரம் செய்யும் சின்ன ஊருக்கு நிலையான விலைதான் முக்கியம் என்று முடிவெடுத்தார்கள்.

அதற்கான விலையையும் கொடுத்தார்கள். 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்கா தன் விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றியது. 2023 ஜூலையில் அது 5.25 - 5.5 சதவிகிதம் வரை போனது. ஹாங்காங்கின் அடிப்படை வட்டியும் கூடவே 5.75-க்குப் போனது. அப்போது ஹாங்காங்கில் அமெரிக்கா அளவுக்கு விலைவாசி ஏறவில்லை, வீட்டு விலைகளும் சரிந்துகொண்டிருந்தன. வட்டி அங்கே இறங்க வேண்டிய நேரத்தில் ஏறியது.

பிரிட்டனுக்கும் ஹாங்காங்குக்கும் என்ன வித்தியாசம்? எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஹாங்காங் முதலிலேயே சொல்லிவிட்டது. பொருளாதாரம் படுத்த காலத்திலும் வட்டியை ஏற்றித் தாங்கிக்கொண்டது. அதனால் அதன் சொல்லை சந்தை நம்புகிறது. பிரிட்டன் வலி வந்தால் விட்டுவிடும் என்று சந்தைக்குத் தெரிந்திருந்தது.

சரி, நம் இந்தியா?

நாம் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1993 மார்ச்சிலிருந்து ரூபாயின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. ஆனால் ஒரேயடியாக விழுந்தாலோ எகிறினாலோ ரிசர்வ் வங்கி டாலரை விற்றோ வாங்கியோ தலையிடும். பணப் போக்குவரத்தில் பாதிக் கதவு திறந்திருக்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அத்தை போடும் கையெழுத்துகள் இந்தப் பாதிக் கதவுக்காகத்தான். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுத்ததால்தான் மூன்றாவதை, அதாவது ரெப்போ வட்டியை, நம் ஊர் விலைவாசியைப் பார்த்து முடிவு செய்ய முடிகிறது.

இந்த நடுவழியிலும் சில நேரம் இறுக்கிப் பிடிக்கும். 2013-ல் அமெரிக்கா பணப்புழக்கத்தைக் குறைக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும், முதலீட்டாளர்கள் இந்தியாவிலிருந்து பணத்தை எடுத்தார்கள். ரூபாய் சரிந்தது. ஜூலை 15-ம் தேதி ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை ஒரே அடியாக 2 சதவிகிதம் ஏற்றி 10.25 ஆக்கியது. அப்போது நம் வளர்ச்சியும் மந்தமாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் 14-ம் தேதி, வெளிநாட்டுக்கு அனுப்பும் வரம்பை 2,00,000 டாலரிலிருந்து 75,000 டாலராகக் குறைத்தது. அதாவது, ரூபாயைப் பிடித்து நிறுத்த மற்ற இரண்டிலிருந்தும் கொஞ்சம் வெட்டினார்கள். நிலைமை சீரான பிறகு இரண்டையும் படிப்படியாகத் தளர்த்தினார்கள்.

இனி எந்த நாட்டுச் செய்தியிலாவது 'எங்கள் கரன்சியின் விலை மாறவே மாறாது' என்று அமைச்சர் சொல்வதைப் படித்தால், இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். அந்நியச் செலாவணிக் கையிருப்பு குறைந்துகொண்டே வருகிறதா? தொழில் படுத்திருக்கும்போதும் வட்டி ஏறுகிறதா? இரண்டும் சேர்ந்து இருந்தால், அந்த நாடு மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கை வலிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இதையெல்லாம் அத்தையிடம் மோர் சாதம் முடிவதற்குள் சொல்லி முடித்தேன். "மூணுல ஒண்ணை விட்டுத்தான் ஆகணும்னா நீங்க எதை விடுவீங்க அத்தை?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "பணம் அனுப்பறதை விட முடியாது, புள்ளை அங்க இருக்கான். இ.எம்.ஐ. இன்னும் பதினோரு வருஷம் இருக்கு, அதையும் விட முடியாது. அப்ப பவுண்டுதான் ஏறி இறங்கணும்ங்கற?"

"ஆமா அத்தை."

"சரி, அப்ப அடுத்த டேர்ம் ஃபீஸை ஒரே தடவையா கட்டாம, இப்பலேர்ந்தே மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பி வைக்கறேன். ஏறுற மாசமும் வரும், இறங்குற மாசமும் வரும்ல?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் பேங்க் எடுக்கும் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு என்னைப் பார்த்து முறைத்தார்.